'ஒன்று பெண்' என்று யார் சொன்னது?

1959-இல் மார்ட்டின் கார்ட்னர் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் தான் எழுதிவந்த கணக்கு விளையாட்டுப் பத்தியில் இரண்டு அப்பாக்களை வாசகர்கள் முன் நிறுத்தினார். ஜோன்ஸுக்கு இரண்டு குழந்தைகள், மூத்தது பெண். இரண்டுமே பெண்ணாக இருக்க எவ்வளவு வாய்ப்பு? ஸ்மித்துக்கும் இரண்டு குழந்தைகள். அதில் ஒன்றாவது ஆண். இரண்டுமே ஆணாக இருக்க எவ்வளவு வாய்ப்பு? ஜோன்ஸ் வீட்டுக்குப் பாதி, ஸ்மித் வீட்டுக்கு மூன்றில் ஒன்று என்று விடையும் சொன்னார்.

ஜோன்ஸ் விஷயத்தில் யாருக்கும் தகராறு இல்லை. மூத்தது பெண் என்று தெரிந்துவிட்டது. இளையது ஆணோ பெண்ணோ, பாதிக்குப் பாதி. சண்டை ஸ்மித்தைப் பற்றித்தான். ஒன்று ஆண் என்று சொல்லியாயிற்று, மற்றது என்ன என்பது இதைப் பொறுத்ததா, அங்கேயும் பாதிதானே வரவேண்டும் என்பது கேட்டவுடன் தோன்றுகிற நியாயம். அந்த நியாயத்தைக் கணக்கு வாத்தியார்கள் அவசரப்பட்டுத் தள்ளிவிடுவது வழக்கம். அது அவ்வளவு எளிதில் தள்ளக்கூடியது அல்ல என்பது என் கட்சி. கார்ட்னரே பின்னால் இறங்கிவந்து, ஸ்மித் கேள்வி தெளிவில்லாத கேள்வி, அந்தத் தகவல் எப்படிக் கிடைத்தது என்று சொல்லாதவரை பாதி என்றும் சொல்லலாம், மூன்றில் ஒன்று என்றும் சொல்லலாம் என்று ஒப்புக்கொண்டார்.

கணக்கைப் பெண் குழந்தைக்கு மாற்றிக்கொண்டு, வாய்ப்பு என்ற சொல்லைக் கொஞ்சம் ஓரம் வைத்துவிட்டு, வீடுகளை எண்ணிப் பார்ப்போம். சரியாக இரண்டு குழந்தைகள் உள்ள 400 குடும்பங்கள். பிறப்பில் ஆணும் பெண்ணும் சமம், ஒரு பிரசவம் அடுத்ததைப் பாதிப்பதில்லை, இரட்டைப் பிள்ளைகள் இல்லை என்று வைத்துக்கொள்வோம். மூத்ததை முதலில் சொன்னால், ஆண்-ஆண் 100 வீடு, ஆண்-பெண் 100 வீடு, பெண்-ஆண் 100 வீடு, பெண்-பெண் 100 வீடு. ஆணும் பெண்ணுமாக உள்ள வீடுகள் 200 என்பதை மறந்துவிடக் கூடாது. மூத்தது ஆணா பெண்ணா என்பதைக் கண்டுகொள்ளாமல் 'ரெண்டும் ஆண், ரெண்டும் பெண், ஒன்றுக்கொன்று' என்று மூன்றே வகையாகப் பிரித்து, மூன்றும் சமம் என்று நினைப்பவர்கள் அங்கேயே வழுக்கிவிடுவார்கள்.

இப்போது இந்த 400 குடும்பங்களின் பெண்பிள்ளைகள் எல்லோரும் ஒரே பெண்கள் பள்ளியில் படிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் பெற்றோர் கூட்டம். வீட்டுக்கு ஒருவர் வருகிறார். பெண் குழந்தை இருக்கிற வீடுகள்தான் வரும் என்பதால் 300 பேர். தலைமை ஆசிரியை மேடையில் நின்று, "ரெண்டும் பொண்ணா இருக்கிறவங்க கொஞ்சம் கை தூக்குங்க" என்கிறார். 100 கைகள் உயர்கின்றன. முன்னூறில் நூறு. மூன்றில் ஒன்று.

மறுநாள் காலை அதே மைதானத்தில் பிரார்த்தனை. இன்று நிற்பது பெற்றோர் அல்ல, பிள்ளைகள். ஒன்றுக்கொன்று வீடுகளிலிருந்து ஒருத்தி வீதம் 200 பேர், இரண்டும் பெண்ணான வீடுகளிலிருந்து இருவர் வீதம் 200 பேர், மொத்தம் 400. "அக்காவோ தங்கச்சியோ இருக்கிறவங்க கை தூக்குங்க" என்கிறார் அதே ஆசிரியை. 200 கைகள். நானூறில் இருநூறு. பாதி.

குடும்பங்கள் அதேதான், பிள்ளைகள் அதேதான், யாரும் பொய் சொல்லவில்லை. முதல் நாள் ஒவ்வொரு வீடும் ஒரு முறை எண்ணப்பட்டது. இரண்டாம் நாள், இரண்டும் பெண்ணாக உள்ள வீடு இரண்டு முறை எண்ணப்பட்டது. ஒரு வீட்டைப் பிடித்து அதில் பெண் உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது வேறு. ஒரு பெண்ணைப் பார்த்து அவள் வழியாக அந்த வீட்டைப் போய்ச் சேர்வது வேறு. இரண்டு வழியிலும் கடைசியில் கையில் இருக்கும் தகவல் 'அந்த வீட்டில் ஒன்றாவது பெண்' என்பதுதான். ஆனால் இரண்டாவது வழியில் வந்தால் பெண்-பெண் வீட்டு வாசலில் போய் நிற்க இரட்டிப்பு வாய்ப்பு. கேட்டவுடன் 'பாதிதானே' என்று சொல்பவர் மனதில் இருப்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் வழி. அவர் ஒரு குழந்தையைக் கண்முன் நிறுத்திக்கொண்டு 'மற்றது' எது என்று கேட்கிறார். கணக்கு வாத்தியாரோ வீடுகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார்.

இதே வேறுபாட்டை மாயா பார்-ஹில்லெல், ரூமா ஃபால்க் என்ற இஸ்ரேலிய ஆய்வாளர்கள் இருவர் 1982-இல் ஒரு கட்டுரையில் வேறு விதமாகப் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு குழந்தைகளுக்கு அப்பாவான ஸ்மித் தெருவில் ஒரு பையனோடு நடந்து வருகிறார். இவன் என் மகன் என்று பெருமையாக அறிமுகம் செய்கிறார். மற்றதும் பையனாக இருக்க என்ன வாய்ப்பு? இரண்டில் எதை அழைத்துவருவது என்பதில் அப்பாவுக்கு ஓரவஞ்சனை இல்லையென்றால், விடை பாதி. ஆனால் ஆண் குழந்தை இருந்தால் அவனைத்தான் வெளியே கூட்டிப்போவேன் என்கிற அப்பாவாக இருந்தால் விடை மூன்றில் ஒன்றுக்கு இறங்கிவிடும். ஏனென்றால் அப்படிப்பட்ட அப்பா பையனோடு வருகிறார் என்பதற்கு 'வீட்டில் பையன் உண்டு' என்பதற்கு மேல் பொருள் இல்லை.

இந்த அப்பாவைத் திருப்பிப் பார்த்தால் விஷயம் இன்னும் சுவையாகிறது. பையன் இருந்தால் பையனைத்தான் அழைத்துவரும் அதே மனிதர் ஒருநாள் ஒரு சிறுமியோடு வருகிறார். இப்போது யோசிக்கவே வேண்டாம்: வீட்டில் பையன் இல்லை. இரண்டும் பெண்தான், நூற்றுக்கு நூறு. பேச்சிலும் இப்படித்தான். பையனைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் வழக்கமுள்ள குடும்பத்தார் 'எங்களுக்கு ஒரு பொண்ணு இருக்கா' என்று ஆரம்பித்தால் அதன் எடை வேறு.

ஆக 'ஒன்று பெண்' என்ற ஒரே வாக்கியத்துக்கு மூன்றில் ஒன்று, பாதி, முழுசு என்று மூன்று விடைகள் வந்துவிட்டன. இவற்றை ஒரே கயிற்றில் கட்ட ஒரு எளிய வகுத்தல் இருக்கிறது. நூறு குடும்பங்களில் இரண்டும் பெண்ணாக உள்ளவை 25. அந்த 25 வீடுகளைப் பற்றி எப்படியும் 'ஒன்று பெண்' என்றுதான் சொல்லியாக வேண்டும். வேறு சொல்ல வழியில்லை. இரண்டும் ஆணாக உள்ள 25 வீடுகளைப் பற்றி அப்படிச் சொல்லவே முடியாது. மீதி 50, ஒன்றுக்கொன்று வீடுகள். எல்லாம் இவற்றைப் பொறுத்தது. இவற்றைப் பற்றி எப்போதும் 'ஒன்று பெண்' என்றே சொல்லும் வழக்கமானால், நூறு வீட்டில் அந்த வாக்கியம் 75 முறை காதில் விழும். விடை 25 வகுத்தல் 75, மூன்றில் ஒன்று. பாதி நேரம் பெண்ணையும் பாதி நேரம் ஆணையும் சொல்வதானால் 50 முறை விழும்; விடை 25 வகுத்தல் 50, பாதி. எப்போதும் ஆணையே சொல்வதானால் 25 முறைதான் விழும். விடை ஒன்று, அதாவது நிச்சயம். எத்தனை முறை சொல்லியிருப்பார்கள் என்பதால் 25-ஐ வகுத்தால் போதும். அரிதாகச் சொல்லப்படும் வாக்கியம் அதிகம் சொல்கிறது.

சொல்பவரின் வழக்கம் என்ன என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே ஒரு வாக்கியத்தை வைத்து முடியாது. பல வீடுகளைப் பற்றி அவர் சொல்வதைக் கேட்டு எண்ண வேண்டும். நூறில் எழுபத்தைந்துக்கு அருகில் 'ஒன்று பெண்' என்றால் அவர் பெண்ணைத் தேடிச் சொல்பவர். ஐம்பதுக்கு அருகில் என்றால் கண்ணில் பட்டதைச் சொல்பவர். இதை வீட்டிலேயே இரண்டு நாணயங்களை வைத்துச் செய்து பார்க்கலாம். ஒருவர் இரண்டையும் சுண்டி, கையால் மூடி, உள்ளே பார்த்து, 'ஒன்று பூ' என்றோ 'ஒன்று தலை' என்றோ உண்மையைச் சொல்ல வேண்டும். எதிரே இருப்பவர், இரண்டும் ஒன்றேதானா இல்லையா என்று ஊகிக்க வேண்டும்.

மூன்றில் ஒன்று என்று மனப்பாடம் செய்தவர்கள் இந்த விளையாட்டில் மாட்டிக்கொள்வார்கள். 'ஒன்று தலை' என்று கேட்டால் இரண்டும் தலையாக இருக்க மூன்றில் ஒன்று. 'ஒன்று பூ' என்று கேட்டால் இரண்டும் பூவாக இருக்க மூன்றில் ஒன்று என்பார்கள். அப்படியானால் என்ன சொன்னாலும் இரண்டும் ஒன்றாக இருக்க மூன்றில் ஒன்று. என்ன சொன்னாலும் அதே விடை என்றால் சொல்லவே வேண்டாமே, வாயைத் திறப்பதற்கு முன்பே மூன்றில் ஒன்று என்று எழுதிவிடலாம். ஆனால் இரண்டு நாணயம் சுண்டினால் பாதி நேரம் இரண்டும் ஒன்றாகத்தான் விழும். இது எல்லோருக்கும் தெரியும். எங்கேயோ இடிக்கிறது. இடிக்கும் இடம் இதுதான்: இந்த விளையாட்டில் கலந்து விழுந்தபோது பூ, தலை எதையும் சொல்லும் சுதந்திரம் அவருக்கு இருக்கிறது. எதைச் சொல்வதென்று பாரபட்சமில்லாமல் முடிவுசெய்தால் விடை பாதியிலிருந்து நகராது. இந்த வாதம் புதியதல்ல. பிரெஞ்சுக் கணித அறிஞர் ஜோசஃப் பெர்ட்ராண்ட் 1889-இல் வெளியிட்ட நூலில், மூன்று பெட்டிகளில் தங்கக் காசும் வெள்ளிக் காசும் போட்டு இதே மாதிரிதான் வாதாடினார். காசை எடுத்துப் பார்ப்பதற்கு முன் ஒரு விடை, எந்தக் காசு வந்தாலும் அதற்குப் பின் வேறொரு விடை என்று இருக்க முடியாது என்பது அவர் எடுத்துக்காட்டிய சிக்கல்.

தகவல் வந்த வழியைக் கேள்விக்குள்ளேயே வைத்துவிட்டால் சண்டைக்கு இடமில்லை. 1991-இல் 'பரேட்' என்ற அமெரிக்க வார இதழில் மேரிலின் வாஸ் சாவண்ட் அப்படி ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். கடைக்காரம்மாவிடம் இரண்டு பீகிள் நாய்க்குட்டிகள். ஆணா பெண்ணா என்று அவருக்கே தெரியாது. எனக்கு ஆண் குட்டிதான் வேண்டும் என்கிறீர்கள். குட்டிகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பவருக்கு அவர் போன் போட்டு, ஒன்றாவது ஆணா என்று கேட்கிறார். ஆமாம் என்று பதில். மற்றதும் ஆணாக இருக்க என்ன வாய்ப்பு? மூன்றில் ஒன்று என்றார் வாஸ் சாவண்ட். இங்கே அது சரி, ஐயமில்லாமல் சரி. கேட்கப்பட்ட கேள்விக்கு ஆமாம், இல்லை என்று இரண்டே பதில்தான் உண்டு. குளிப்பாட்டுபவருக்குத் தேர்ந்தெடுத்துச் சொல்ல எதுவும் இல்லை. கலந்த ஜோடியாக இருந்தாலும் ஆமாம் என்றுதான் சொல்லியாக வேண்டும். அதே போனில் அந்த மனிதர் தானாகவே, 'இப்போ கையில் இருக்கிறது ஆண் குட்டி' என்று சொல்லியிருந்தால் விடை பாதிக்குப் போயிருக்கும். போனில் கேட்ட கேள்விதான் விடையைத் தீர்மானிக்கிறது. நாய்க்குட்டிகளுக்கு அதில் பங்கே இல்லை.

சில ஆண்டுகள் கழித்து அவர் அதே புதிரைக் குழந்தைகளுக்கு மாற்றிப் போட்டபோது, நாய்க்குட்டிக்குச் சும்மா இருந்த வாசகர்களும் சண்டைக்கு வந்தார்கள். அவர் வாதத்தை நிறுத்திவிட்டு ஒரு கணக்கெடுப்பு நடத்தினார். சரியாக இரண்டு குழந்தைகள் உள்ள, அவற்றில் ஒன்றாவது ஆணாக உள்ள பெண் வாசகர்கள் எழுதுங்கள், மற்றது ஆணா பெண்ணா என்று சொல்லுங்கள் என்றார். 17,946 பேர் பதில் சொன்னார்கள். இரண்டும் ஆண் என்றவர்கள் 35.9 சதவீதம். பாதிக்கு எங்கேயோ கீழே, மூன்றில் ஒன்றுக்கு ஒட்டி. உலகில் 100 பெண்ணுக்கு ஏறக்குறைய 105 ஆண் பிறப்பதைச் சேர்த்துக்கொண்டால் எதிர்பார்ப்பு 34 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும். மிச்ச வித்தியாசம், யார் யார் எழுத முன்வந்தார்கள் என்பதாலும் வந்திருக்கலாம்.

ஆனால் இந்தக் கணக்கெடுப்பு எதை நிரூபித்தது என்பதில் கவனம் வேண்டும். அவர் அம்மாக்களைக் கேட்டார். வீட்டுக்கு ஒரு பதில். நம் பெற்றோர் கூட்டம் மாதிரி. மூன்றில் ஒன்றுக்கு அருகில் வராமல் வேறு எங்கே வரும்? அதே இதழில், இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுப் பையன்களே, உங்களுக்கு அண்ணனோ தம்பியோ உண்டா என்று கேட்டிருந்தால் பாதிக்கு அருகில் வந்திருக்கும். எப்படிக் கேட்டாரோ அப்படிப் பதில் வந்தது. மூன்றில் ஒன்றுக்காரர்கள் இந்த எண்ணைக் காட்டித் தங்கள் கட்சி வென்றுவிட்டதாகச் சொல்வதை ஏற்க முடியவில்லை.

கார்ட்னரின் ரசிகர்கள் அவர் பெயரில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் கூடுவதுண்டு. 2010-இல் அந்தக் கூட்டத்தில் புதிர் வடிவமைப்பாளரான கேரி ஃபோஷி மேடையேறி, எனக்கு இரண்டு குழந்தைகள், ஒன்று செவ்வாய்க்கிழமை பிறந்த பையன், இரண்டும் பையனாக இருக்க என்ன வாய்ப்பு என்று கேட்டார். கிழமைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அவர் சொன்ன விடை 27-இல் 13. பாதியும் இல்லை, மூன்றில் ஒன்றும் இல்லை.

இதையும் பெண்ணுக்கு மாற்றி எண்ணலாம். இம்முறை 196 வீடுகள் எடுத்துக்கொள்வோம், நான்கு வகைக்கும் தலா 49. ஏன் 49 என்றால், மூத்ததின் கிழமை ஏழு, இளையதின் கிழமை ஏழு. ஒவ்வொரு ஜோடிக் கிழமைக்கும் ஒரு வீடு. செவ்வாய்க்கிழமை பிறந்த பெண் உள்ள வீடுகள் எத்தனை? மூத்தது பெண், இளையது ஆண் என்ற 49 வீடுகளில், மூத்தவள் செவ்வாயில் பிறந்தவை 7. இளையது பெண்ணான 49-இல் இன்னொரு 7. ஆகக் கலந்த வீடுகள் 14. இனி பெண்-பெண் வீடுகள் 49. மூத்தவள் செவ்வாய் 7, இளையவள் செவ்வாய் 7. கூட்டினால் 14, ஆனால் இருவருமே செவ்வாயில் பிறந்த ஒரு வீடு இரண்டு முறை எண்ணப்பட்டுவிட்டது. அதைக் கழித்தால் 13. மொத்தம் 27 வீடுகள், அவற்றில் 13 இரண்டும் பெண்.

கிழமைக்கு மந்திரம் எதுவும் இல்லை. இரண்டு பெண்கள் உள்ள வீட்டில் செவ்வாய்ப் பெண் இருக்க இரண்டு சந்தர்ப்பம். ஒரு பெண் உள்ள வீட்டில் ஒரே சந்தர்ப்பம். அதனால் செவ்வாய்ப் பெண்ணைத் தேடி வலை வீசினால் பெண்-பெண் வீடுகள் கிட்டத்தட்ட இரட்டிப்பாகச் சிக்குகின்றன. பிரார்த்தனை மைதானத்தில் நடந்ததேதான் இங்கேயும் நடக்கிறது. இரண்டும் ஒரே கிழமையில் விழுகிற அந்த ஒரு வீடுதான் முழு இரட்டிப்பைத் தடுக்கிறது. கிழமைக்குப் பதில் பிறந்த தேதியைச் சொன்னால் அப்படி ஒன்றன்மேல் ஒன்று விழுவது மிக அபூர்வம். 365 நாளை வைத்துக் கணக்கிட்டால் 1459-இல் 729, அதாவது பாதிக்கு ஒரு மயிரிழை கீழே. அடையாளம் எவ்வளவு குறிப்பாகிறதோ அவ்வளவுக்கு அது ஒரே குழந்தையைச் சுட்ட ஆரம்பிக்கிறது. மூத்தவள் என்பதைவிடக் குறிப்பான அடையாளம் ஏது? அங்கே முழுப் பாதி.

ஆனால் ஃபோஷியின் 13/27-க்கும் அதே நிபந்தனை உண்டு. இரண்டு குழந்தைகள் உள்ள வீடுகளை எல்லாம் நிறுத்தி, செவ்வாய்க்கிழமை பிறந்த பெண் உண்டா என்று நாமே கேட்டு, உண்டு என்றவர்களை மட்டும் பிரித்தெடுத்தால்தான் அந்த விடை. மேடையேறிய ஒருவர் தன் பிள்ளைகளில் ஒன்றை மனதில் நினைத்து, அது ஆணா பெண்ணா, என்ன கிழமையில் பிறந்தது என்று தானாகச் சொன்னால், புதனில் பிறந்திருந்தால் புதன் என்று சொல்லியிருப்பார், அவ்வளவுதான். விடை பாதி. பொதுவாக யாரும் மனிதர்களைப் பிடித்து நிறுத்தி, உங்களுக்குச் செவ்வாய்க்கிழமைப் பெண் உண்டா என்று கேட்பதில்லை. அந்தப் புதிரைக் கேட்டதும் எழும் எரிச்சலில் பாதி நியாயமான எரிச்சல்.

இதுவரை பேசியதெல்லாம் நமக்குத் தகவல் எப்படி வந்தது என்பதைப் பற்றி. அந்த 400 குடும்பங்கள் எப்படி வந்தன என்று யாரும் கேட்கவில்லை. இந்தியாவில் அதைக் கேட்டே தீர வேண்டும். ஏனென்றால் இங்கே இரண்டு குழந்தையோடு நிறுத்துவதா, இன்னொன்று பெறுவதா என்ற முடிவே பல வீடுகளில் முதல் இரண்டும் என்ன குழந்தை என்பதைப் பார்த்துத்தான் எடுக்கப்படுகிறது. அதே 400 வீடுகள், நான்கு வகைக்கும் நூறு நூறு. பெண்-பெண் வீடுகளில் பாதி, அதாவது 50 வீடுகள், பையனுக்காக மூன்றாவது பெற்றுக்கொள்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவை இப்போது இரண்டு குழந்தைக் குடும்பங்கள் அல்ல. நம் பட்டியலிலிருந்து விழுந்துவிட்டன. மிச்சம் 350. பெண் உள்ள வீடுகள் 250, அவற்றில் இரண்டும் பெண் 50. பெற்றோர் கூட்டத்து விடை மூன்றில் ஒன்றிலிருந்து ஐந்தில் ஒன்றாகிவிட்டது. மூத்தது பெண் என்று திட்டவட்டமாகத் தெரிந்த வீடுகளை எடுத்தாலும், பெண்-ஆண் 100, பெண்-பெண் 50. யாரும் தகராறு செய்யாத அந்தப் பாதிகூட இங்கே மூன்றில் ஒன்றுதான்.

ஐம்பது என்பது நான் வைத்துக்கொண்ட எண். ஆனால் நடப்பது கற்பனை இல்லை. மத்திய அரசின் 2017-18 பொருளாதார ஆய்வறிக்கை இதைக் கணக்கிட்டது. அப்போது தலைமைப் பொருளாதார ஆலோசகராக இருந்தவர் அரவிந்த் சுப்பிரமணியன். அந்த அறிக்கை பார்த்தது எல்லாக் குழந்தைகளையும் அல்ல, கடைசிக் குழந்தைகளை மட்டும். எந்தத் தலையீடும் இல்லாவிட்டால் கடைசிக் குழந்தைகளிலும் ஒரு பெண்ணுக்கு 1.05 ஆண்தான் இருக்க வேண்டும். ஒரே குழந்தையோடு நிறுத்திய இந்தியக் குடும்பங்களில் அது 1.82. சரியாக இரண்டோடு நிறுத்திய குடும்பங்களில், இரண்டாவது குழந்தைகளிடையே, 1.55. அதாவது அத்தகைய வீடுகளில் இளையது பெண்ணாக இருப்பது நூறில் 39 அளவுதான். நம் 350 வீட்டுக் கணக்கில் இளையவர்களில் ஆண் 200, பெண் 150, விகிதம் 1.33. பெண்-பெண் வீடுகள் அத்தனையும் மூன்றாவதுக்குப் போயிருந்தால் 2. உண்மை நிலவரம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

இந்த 1.55-ஐப் பார்த்ததும் எல்லாம் கருக்கலைப்பின் விளைவு என்று முடிவுகட்டுவது தவறு. கருவில் பெண்ணென்று தெரிந்து அழிப்பது பிறப்பு விகிதத்தையே கெடுக்கும். அதற்குத்தான் 1994-ஆம் ஆண்டுச் சட்டம். பையன் பிறந்ததும் நிறுத்திக்கொள்வது மட்டும் பிறப்பு விகிதத்தைத் தொடாது. ஒவ்வொரு பிரசவமும் தனித்தனி சுண்டல். எப்போது சுண்டுவதை நிறுத்தினாலும் பூவும் தலையும் மொத்தத்தில் சமமாகத்தான் விழும். அதனால் கருவில் யாரும் கைவைக்காத, ஆனால் பையன் வந்ததும் நிறுத்திக்கொள்கிற ஓர் ஊரில், பிரசவ ஆஸ்பத்திரியின் பதிவேட்டைப் புரட்டினால் 100 பெண்ணுக்கு 105 ஆண் என்று இயல்பாகவே இருக்கும். அதே ஊரில் வீடு வீடாகப் போய், கடைக்குட்டி யார் என்று கேட்டால் பையன்களாகவே வந்து நிற்பார்கள். கடைக்குட்டிக்கு மேலே உள்ளவர்களைக் கேட்டால் அக்காக்கள் அதிகமாக இருப்பார்கள்.